நிறத்துக்கு முன் கோடு: மருதமுனைக் கைத்தறிக் கடைக்கு வயர்பிரேம் வரைந்து முதலாளியின் சம்மதம் வாங்குவது வரை

ஒரு கடைக்கு இணையத்தளம் கட்டும்போது முதலாளிக்கு முதன்முதலாகக் காட்டும் படத்தில் நிறம் இருந்தால் அவர் நிறத்தைப் பற்றித்தான் கதைப்பார். பச்சை கொஞ்சம் கடுமையாக வேண்டும், பெயர் பெரிதாக வேண்டும், அந்தப் பூவை எடுத்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு சேலை விற்றுப்போனால் அதன் பக்கம் என்ன ஆகும், மொத்த விலையை யார் பார்க்கலாம், கண்டியிலிருந்து ஓடர் பண்ணுபவர் காசை எப்போது கட்டுவார் என்ற கேள்விகள் எதுவும் அந்த ஒரு மணி நேரத்தில் எழாது. தளம் கட்டி முடிந்த பிறகுதான் எழும். அப்போது ஒவ்வொரு பதிலுக்கும் நாலைந்து நாள் வேலை.

அதற்காகத்தான் வயர்பிரேம். ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்கும், எது மேலே எது கீழே, எதை அழுத்தினால் எங்கே போகும் என்பதை மட்டும் காட்டும் கோட்டுப்படம் அது. நிறமில்லை, படமில்லை, அழகான எழுத்துருவும் இல்லை.

இந்த வழிகாட்டிக்கு மருதமுனையில் உள்ள ஒரு கைத்தறிக் கடையை எடுத்துக்கொள்கிறேன். பல கடைகளில் பார்த்ததை ஒரே கடையாக்கிச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலையும் சாரமும் விற்கிறார்கள். சொந்தத் தறிகள் சில உண்டு. வீடுகளில் கூலிக்கு நெய்பவர்களும் உண்டு. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பேஸ்புக்கில் படம் போடுவதும் வட்ஸ்அப்பில் பதில் சொல்வதும் அவருடைய மகள்.

வரைவதற்கு முன் வட்ஸ்அப்பைப் பாருங்கள்

பேனையை எடுப்பதற்கு முன் மகளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடந்த ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். பெயரும் இலக்கமும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கைத்தறிக் கடையில் வருபவை பெரும்பாலும் இவைதான்: என்ன விலை, வேறு கலர் இருக்கா, பிளவுஸ் துண்டு சேர்ந்து வருமா, கொழும்புக்கு அனுப்புவீங்களா, கிடைத்த பிறகு காசு கொடுக்கலாமா, சாயம் போகுமா, பத்து எடுத்தால் என்ன விலை.

அதிகக் கோடு விழுந்த நாலைந்து கேள்விகளுக்கான பதில்தான் சேலைப் பக்கத்தின் முதல் திரையில் வரவேண்டியவை. "ஒரு நல்ல கடைத் தளத்தில் என்னென்ன இருக்கவேண்டும்" என்று வேறெங்கும் தேடத் தேவையில்லை. அந்தத் தாளே பட்டியல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உரையாடல்கள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன? விலை சொன்ன பிறகா, அனுப்பும் செலவைச் சொன்ன பிறகா, வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்பிய பிறகா? எங்கள் கடையில் அனுப்பும் செலவைச் சொன்னதும் பலர் பதில் போடவில்லை. செலவு அதிகம் என்பதல்ல காரணம். விலையைக் கேட்டு மனதில் ஒரு தொகை வைத்த பிறகு இன்னொரு தொகை வந்து சேர்ந்ததுதான். ஆகவே அனுப்பும் செலவு விலைக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற முடிவு ஒரு கோடுகூட வரையாமல் கிடைத்துவிட்டது.

நான்கு பக்கம் போதும்

சேலைப் பக்கம், பட்டியல் பக்கம், ஓடர் பக்கம், முகப்பு. இந்த வரிசையில்தான் வரையவேண்டும். "எங்களைப் பற்றி", "தொடர்பு" போன்றவற்றை இப்போது தொடவேண்டாம். அவற்றில் தீர்க்கவேண்டிய சிக்கல் எதுவும் இல்லை.

முகப்பைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேஸ்புக்கில் ஒரு சேலையின் படத்தைப் பார்த்து அழுத்துபவர் முகப்புக்கு வருவதில்லை, நேரே அந்தச் சேலையின் பக்கத்துக்கு வருகிறார். தளத்தின் உண்மையான வாசல் அதுதான். மற்றப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முகப்பை வரைந்தால் அது வெறும் அலங்காரமாக முடியும். முதலாளிமார் எல்லோரும் முகப்பைத்தான் முதலில் கேட்பார்கள். "அது கடைசியில் வரும்" என்று சொல்லிவிடுங்கள்.

தாள், பேனை, அளவு

ஏ4 தாளைக் கிடையாக வையுங்கள். உங்கள் கைபேசியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தால் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பெட்டி வரும். ஒரு தாளில் இப்படி மூன்று பெட்டிகள் கொள்ளும், இடையில் குறிப்பு எழுதவும் இடம் இருக்கும். கணினித் திரைக்கான வரைபடத்தை இந்தக் கட்டத்தில் விட்டுவிடலாம். வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இருந்து வருபவர்களின் கையில் இருப்பது கைபேசிதான்.

உண்மையான அளவில் வரைவதற்கு ஒரு பெரிய பலன் உண்டு: விரலை வைத்துப் பார்க்கலாம். அண்ட்ரொயிட் வழிகாட்டல்களில் அழுத்தும் இடத்துக்குச் சொல்லப்படும் குறைந்த அளவு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். தாளில் வரைந்த பொத்தான் உங்கள் பெருவிரல் நுனியைவிடச் சிறியதாக இருந்தால் திரையிலும் அது சிறியதுதான்.

பெட்டிகளைப் பென்சிலால் போடுங்கள். உள்ளே உள்ளவற்றைத் தடித்த கறுப்பு மார்க்கரால் போடுங்கள். கூரான பேனை கையில் இருந்தால் மனம் நுணுக்கத்துக்குப் போகும், பூவேலையும் நிழலும் வந்துவிடும். படத்துக்கு ஒரு பெட்டியும் அதற்குள் குறுக்குக் கோடும். நீண்ட விளக்கத்துக்கு நாலு நெளிகோடு. ஆனால் தலைப்பு, விலை, பொத்தானில் உள்ள சொல் ஆகிய மூன்றையும் கட்டாயம் உண்மையான சொற்களில், தமிழில் எழுதுங்கள். "தலைப்பு இங்கே" என்று எழுதிய வரைபடத்துக்கு யாராலும் கருத்துச் சொல்லமுடியாது.

தமிழில் எழுதுவதால் இன்னொன்றும் தெரியவரும். நம் சொற்கள் நீளமானவை. "வட்ஸ்அப்பில் கேளுங்கள்", "இப்போதே ஓடர் செய்யுங்கள்" என்ற இரண்டு பொத்தான்களை 7 சென்ரிமீற்றருக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கமுடியாது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். அப்படி வந்தால் இன்னொரு சென்ரிமீற்றர் உயரம் போகும். சாரம் வாங்கச் சிங்கள வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்றால் சிங்களத்திலும் அதே பொத்தானை ஒருமுறை எழுதிப் பாருங்கள். இதையெல்லாம் தாளில் கண்டுபிடிப்பது மலிவு.

கணினியில் வரையும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அவற்றில் உள்ள கையெழுத்துப் போன்ற எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்து மட்டும் அச்சடித்ததுபோல் ஒழுங்காக வந்து உட்காரும், பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வரும். முதலாளி தயங்காமல் அடித்துத் திருத்தவேண்டும் என்றால் தாளுக்கு நிகர் எதுவுமில்லை.

சேலைப் பக்கத்தை வரைதல்

15 சென்ரிமீற்றரை எப்படிச் செலவழிக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள். மேலே கடைப்பெயரும் மெனுவும் 1 சென்ரிமீற்றர். சேலையின் பெரிய படம் அகலத்துக்குச் சமமாக 7. அதன்கீழ் முந்தானை, கரை, துணியின் நெருக்கமான தோற்றம் என்று மூன்று சிறிய படங்களுக்கு 1.5. பெயரும் விலையும் 1.5. "ஒன்றுதான் உள்ளது" என்ற வரிக்கு 0.7. பொத்தானுக்கு 1. மொத்தம் 12.7. மிச்சம் 2.3 சென்ரிமீற்றர் இருக்கிறது, அனுப்பும் செலவையும் நீளத்தையும் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

முடியாது. உலாவியின் முகவரிப் பட்டையும் கைபேசியின் மேற்பட்டையும் அந்த 15க்குள்தான் வருகின்றன. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அங்கே போய்விடும். ஆகவே ஒன்றைக் குறைக்கவேண்டும். பெரிய படத்தை 6 சென்ரிமீற்றராக்கினோம். அப்போது விலைக்குக் கீழே அனுப்பும் செலவு ஒரு வரியாக வந்தது. சேலையின் நீளமும் பிளவுஸ் துண்டும் திரைக்குக் கீழே இறங்கின. பிளவுஸ் துண்டு பற்றிய கேள்விக்கு நிறையக் கோடு விழுந்திருந்ததால் அதைப் பெயரோடு சேர்த்தோம்: "கரும்பச்சைச் சேலை, பிளவுஸ் துண்டுடன்." இடமும் மிச்சம், கேள்வியும் தீர்ந்தது. நீளம், கழுவும் முறை, சாயம் பற்றிய உறுதி, இதே வகைச் சேலைகள் எல்லாம் இரண்டாம் திரையில்.

இதே பக்கத்தை இன்னொரு நிலையிலும் வரையவேண்டும்: சேலை விற்றுப்போன பிறகு அது எப்படி இருக்கும் என்று. பலரும் விட்டுவிடும் தாள் இது. நான் வரைந்தது எளிமையானது. படத்தின் மேல் "விற்றுவிட்டது" என்று ஒரு பட்டை, பொத்தானுக்குப் பதிலாக "இதுபோன்ற சேலைகள்".

மற்றவை விரைவாக முடியும். பட்டியல் பக்கத்தில் இரண்டு நிரையாகப் படம், பெயர், விலை. ஓடர் பக்கத்தில் பெயர், போன், முகவரி, மாவட்டம், காசு கட்டும் வழி. கணக்குத் திறக்கும்படி யாரையும் கேட்கவேண்டாம். முகப்பை முழுத்தாளாக வரையாமல் துண்டுகளாக வெட்டி வையுங்கள்: புதிய சேலைகள், சாரங்கள், கடையின் கதை, மொத்தமாக எடுப்பவர்கள், கடைக்கு வரும் வழி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலாளியோடு உட்காருதல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், நோன்பின் கடைசிப் பத்திலும் போகாதீர்கள். கடை திறந்து கொஞ்சம் அமைதியாக இருக்கும் காலை நேரம் நல்லது. முடிவெடுப்பவரும் வட்ஸ்அப் பார்ப்பவரும் இருவரும் இருக்கவேண்டும். ஹாஜியார் மட்டும் இருந்தால் அன்றாடச் சிக்கல் தெரியாது. மகள் மட்டும் இருந்தால் "வாப்பாட்ட கேக்கணும்" என்று எல்லாம் தள்ளிப்போகும். ஹாஜியாருக்கென்று ஒரு பேனை, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் வெறுந்தாள் கொண்டுபோங்கள்.

முதல் வசனம் முக்கியம். நான் சொல்வது இப்படி: "ஹாஜியார், இது தளத்துட தோற்றம் இல்ல. வீடு கட்ட முதல் நிலத்துல கயிறு பிடிக்கிறோமே, அது மாதிரி. அறை எங்க, வாசல் எங்க என்டு மட்டும் பாருங்க. பெயின்ட் பிறகு." இதைச் சொன்னால் நிறத்தைப் பற்றிய கதை பாதி குறையும். மிச்சப் பாதிக்கு வழி பின்னால் இருக்கிறது.

அடுத்ததாக, பக்கத்தை விளக்கவேண்டாம். விளக்கினால் அவர் தலையாட்டுவார். ஒரு வேலையைக் கொடுங்கள். "உங்கட சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி கண்டியில இருக்கா. பேஸ்புக்ல இந்தச் சாரியைப் பார்த்து அழுத்திட்டா. இந்தத் தாள்தான் அவட போன்ல வந்திருக்கு. அவ வாங்கணும். விரலால அழுத்திக் காட்டுங்க." அவர் எதை அழுத்துகிறாரோ அதற்குரிய தாளை எடுத்து முன்னால் வைப்பது உங்கள் வேலை. தாள் இல்லாத இடத்தை அழுத்தினால் "இங்க என்ன வரணும் என்டு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். விரல் தயங்கும் இடத்தில் தாளில் சிறிய புள்ளி வையுங்கள். மற்ற நேரம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. அது நினைப்பதைவிடக் கடினம்.

ஹாஜியார் முதலில் அழுத்தியது படத்தை. பெரிதாகும் என்று எதிர்பார்த்தார். தாள் இல்லை, குறித்துக்கொண்டேன். பிறகு விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, இது வித்துப்போனா?" விற்ற நிலையில் வரைந்த தாளை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பிழை தம்பி. வித்துட்டு என்டு போட்டா கஸ்டமர் போயிடுவார். இதே டிசைன் தறியில இரிக்கி. ஒரு பாவு போட்டா ஒரு சாரி மட்டுமா வாறது?"

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் தாளோடு கடைக்குப் போகிறோம். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல். அதை ஒருமுறை ஏற்றினால் பல சேலைகள் வரிசையாக நெய்யலாம். பாவு முடியும்வரை அதே அமைப்பில் இன்னொரு சேலை கிடைக்கும், குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் வேறொரு சாயலும் கிடைக்கும். பாவு முடிந்துவிட்டால் புதிதாகப் போடவேண்டும். அப்போது சாயம் முன்னதுபோல அச்சாக வராமலும் போகலாம். ஆக, "உண்டு, இல்லை" என்று இரண்டு நிலை வைத்தது போதாது. மூன்று நிலை வேண்டும்: கையில் உள்ளது, தறியில் உள்ளது, முடிந்துவிட்டது.

வெறுந்தாளில் அங்கேயே மூன்றாவது பெட்டியைப் போட்டேன். பட்டையில் "தறியில் உள்ளது", பொத்தானில் "நெய்து தரக் கேளுங்கள்". மகள் உடனே சொன்னார்: "எத்தனை நாள் என்டு கேப்பாங்க." ஹாஜியாருக்கு அதில் வாக்குக் கொடுக்க விருப்பமில்லை. வீட்டில் நெய்பவர்களின் வசதியைப் பொறுத்தது. எனவே நாளைப் பக்கத்தில் எழுதுவதில்லை, வட்ஸ்அப்பில் சொல்வது என்று முடிவாயிற்று. அடுத்தது முற்பணம். கையில் உள்ள சேலைக்குக் கிடைத்த பிறகு காசு கட்டலாம். நெய்து தருவதற்கு ஒரு பகுதி முன்னால் வேண்டும். அதனால் ஓடர் பக்கமும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கேள்வி மூன்று தாள்களை மாற்றியது. செலவு நாலு கோடு.

இங்கே ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாறக்கூடிய எதைத் தாளில் பார்த்தாலும் "இத யார் மாத்துறது?" என்று கேளுங்கள். கையில் உள்ளது தறிக்கு மாறியதைத் தளத்துக்கு யார் சொல்வார்? மகள்தான். அவருக்கு எப்படித் தெரியும்? கடையில் விற்றால் கடைப்பையன் சொல்லவேண்டும். அது நடக்காது என்று மூவருமே ஒத்துக்கொண்டால் "ஒன்றுதான் உள்ளது" என்ற வரியை எடுத்துவிடுவதே நேர்மை. எங்கள் கடையில் மகளின் கைபேசிக்கென்று ஒரு சிறிய பெட்டி வரைந்தோம்: சேலையின் படம், கீழே மூன்று பெரிய பொத்தான்கள். அவர் அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார்.

"நல்லாரிக்கி" என்றால் என்ன செய்வது

"நல்லாரிக்கி தம்பி, நீங்க செய்தா சரியாத்தான் இரிக்கும்." நம் பக்கத்து மனிதர்கள் வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர்கள். இதைச் சம்மதமாக எடுக்கக்கூடாது. அடையாளம் சுலபம்: அவர் கை தாளில் படவே இல்லை என்றால் அவர் பார்க்கவில்லை.

அந்த இடத்தில்தான் முகப்பின் துண்டுகள் உதவுகின்றன. ஐந்து துண்டுகளையும் மேசையில் கலைத்துப் போட்டு, "எது மேல வரணும்? நீங்களே அடுக்குங்க" என்று சொல்லுங்கள். அடுக்கும்போது கதை தானாக வரும். ஹாஜியார் முதலில் வைத்தது கடையின் கதை. வாப்பா போட்ட தறி, 2004 சுனாமியில் போனது, பிறகு மறுபடி போட்டது. அவருக்கு அதுதான் கடை.

அதன்மேல் வாதாடவேண்டாம். அடுக்கிய துண்டுகளைக் கைபேசிப் பெட்டிமேல் வைத்தேன். முதல் திரை முழுவதும் கதை. சேலை ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்டியிலிருந்து பார்ப்பவருடைய வேலையை மீண்டும் கொடுத்தேன். அவர் தன் விரலைத் தாளுக்குக் கீழே கொண்டுபோய்ச் சேலையைத் தேடினார். பிறகு கதையைத் தானே எடுத்து மூன்றாவது இடத்தில் வைத்தார். மகள் கடைப்பெயருக்குக் கீழே ஒரு வரி போடலாம் என்றார்: "மருதமுனையில் தலைமுறையாக நெய்கிறோம்." அந்த வரி என்னுடைய மூளையில் வந்திருக்காது.

அடுக்கச் சொல்வதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: "இதில் எதைத் தூக்கி எறியலாம்?" எதையும் எறியமாட்டேன் என்பவர்கூட எறிவதற்குக் கடைசியாக எதைத் தருவார் என்று பார்த்தால் அவருக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிடும். "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்.

மொத்தமாக எடுப்பவர்களுக்கான துண்டில் நான் விலை எழுதியிருந்தேன். அவர் பேனையை எடுத்து அடித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் பார்க்கக்கூடாது, எடுக்கும் அளவைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் விலை மாறும். ஆகவே அங்கே ஒரு போன் பொத்தான் மட்டும். தளத்தில் விலை வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. ஆனால் மொத்த வியாபாரத்தில் பேரம்தான் வியாபாரம், அதைத் தளத்தால் மாற்றமுடியாது.

கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்

வீட்டுக்கு வந்ததும், அன்றே, கேட்டதையெல்லாம் எழுதுங்கள். மறுநாள் ஞாபகம் இருப்பது உங்களுக்குப் பிடித்த கருத்துகள் மட்டும்தான். மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதலாவது வியாபார முடிவுகள்: மூன்று நிலை, முற்பணம், மொத்த விலை. இரண்டாவது இடம் மாற்றுதல். மூன்றாவது தோற்றம்: கரும்பச்சை வேண்டும், பெயர் தங்க நிறத்தில் வேண்டும். மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். அவர் முன்னாலேயே தனித்தாளில் "பெயின்ட்" என்று தலைப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதைப் பார்த்தால் அவர் அதை மறுபடி சொல்லமாட்டார். நிறத்தைப் பற்றிய கதையின் மிச்சப் பாதி இப்படித்தான் அடங்கும்.

இரண்டாவது குவியலில்தான் கவனம் வேண்டும். முதலாளி தீர்வைச் சொல்வார், பிரச்சினையைச் சொல்லமாட்டார். ஹாஜியார் கேட்டது: போன் இலக்கம் எல்லாப் பக்கத்திலும் மேலே பெரிதாக வேண்டும். மேலே இடமில்லை என்று நமக்குத் தெரியும். மறுக்காமல், யார் அழைப்பார்கள் என்று கேட்டேன். வயதானவர்கள், எழுதத் தெரியாதவர்கள், வெளிநாட்டிலிருந்து தாய்க்கு வாங்கிக் கொடுப்பவர்கள். அழைப்பு யாருக்கு வரும்? அவருக்கு. அப்போதுதான் மகள் உண்மைப் பிரச்சினையைச் சொன்னார்: "வாப்பாக்கு எடுத்து 'அந்தப் பச்சை சாரி' என்பாங்க. எந்தப் பச்சை என்டு அவருக்குத் தெரியாது. பிறகு எனக்கு வரும்."

ஆகவே போன் இலக்கம் பெரிதாகவேண்டியதில்லை. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் இலக்கம் வேண்டும், அது விலைக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரியவேண்டும், கடையில் உள்ள சேலையின் துண்டுச்சீட்டிலும் அதே இலக்கம் இருக்கவேண்டும். போன் பொத்தான் திரையின் அடியில் ஒட்டியபடி இருந்தால் போதும், பெருவிரலுக்கும் அதுதான் கிட்ட. கேட்டதைக் கேட்டபடி வரைந்திருந்தால் இலக்கம் பெரிதாகியிருக்கும், குழப்பம் அப்படியே இருந்திருக்கும்.

இரண்டாம் சுற்றும் சம்மதமும்

மாறிய தாள்களை மட்டும் புதிதாக வரையுங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் பக்கத்தின் பெயரும் எத்தனையாவது வரைவு என்பதும் திகதியும் இருக்கட்டும். "சேலை, தறியில், 2" என்பதுபோல. இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் எந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிறோம் என்று இருவருக்கும் தெரியாது.

இரண்டாம் சுற்றுக்கு நேரில் போகமுடியாவிட்டால் பகல் வெளிச்சத்தில் தாளை நேர்மேலிருந்து படம் பிடித்து, ஒரு தாளுக்கு ஒரு படம் என்று அனுப்புங்கள். கீழே முடிவுகளை எழுதுங்கள்:

"ஹாஜியார், நாம கதைச்சது இது. 1. சேலைக்கு மூன்று நிலை: கையில், தறியில், முடிந்தது. 2. தறியில் உள்ளதற்கு முற்பணம். 3. மொத்த விலை போடுவதில்லை, போன் மட்டும். 4. ஒவ்வொரு சேலைக்கும் இலக்கம். இதில் ஏதாவது பிழை என்றால் இலக்கத்தைச் சொல்லுங்கள்."

"எல்லாம் சரியா?" என்று முடிக்காதீர்கள். பிழை எது என்று கேட்டால்தான் வாசிப்பார். பதில் குரல் செய்தியாக வரும், அதையும் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் கடைசித் தாள்களில் அவரது கையொப்பத்தை வாங்கிவிடுவது நல்லது. பிறகு ஏதாவது மாறினால் அது புதிய வேலையா பழைய வேலையா என்ற சச்சரவு வராது.

இதற்கிடையில் கடையோடு சம்பந்தமில்லாத ஓரிருவரிடம் அதே தாள்களைக் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கல்முனையில் பஸ்ஸுக்கு நிற்கும் உறவுக்காரப் பெண்ணாக இருந்தாலும் போதும். "தறியில் உள்ளது" என்றால் என்னவென்று கேட்டால் அந்தச் சொல் வேலை செய்யவில்லை. எங்களிடம் ஒருவர் கேட்டார். அதனால் கீழே சின்னதாக "இதே மாதிரி நெய்து தருவோம்" என்று சேர்த்தோம்.

எப்போது நிறுத்துவது? புதிதாக வரும் கருத்துகள் எல்லாம் மூன்றாம் குவியலில் மட்டுமே விழத் தொடங்கும்போது. வியாபாரத்தைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருந்தாலும் நிறத்துக்குப் போகாதீர்கள்.

தாள் சொல்லாத ஒன்று

குறுக்குக் கோடு போட்ட பெட்டிக்குள் என்ன படம் வரும் என்பதைத் தாள் சொல்லாது. கைத்தறிக் கடையில் அதுதான் பாதி வியாபாரம். ஆனால் எத்தனை படம் வேண்டும் என்று தாள் சொல்லிவிட்டது: ஒரு சேலைக்கு நான்கு. அதனால் வடிவமைப்பாளரிடம் தாள்களைக் கொடுப்பதற்கு முன் மகளிடம் பத்துச் சேலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முழுச் சேலை, முந்தானை, கரை, நெருக்கமான துணி என்று நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். கடையின் டியூப் லைட்டில் வேண்டாம், நிறம் மாறிவிடும். காலையில் வாசலின் நிழலில் எடுக்கட்டும். நான்கும் ஒழுங்காக வந்தால் வரைபடம் அப்படியே இருக்கட்டும். ஐந்தாவது சேலையிலேயே களைத்துப்போய் இரண்டு படத்தோடு நிறுத்தினால், தளம் திறந்த பிறகும் அவர் இரண்டுதான் எடுப்பார். மூன்று சிறிய பெட்டிகளில் இரண்டை அடித்துவிட்டு, முந்தானைக்கு மட்டும் பெரிதாக ஒரு பெட்டி போட்டு, ஹாஜியாருக்கு மறுபடி ஒரு படம் அனுப்புங்கள்.